இணைய இதழ் நடத்தும் ஆசிரியர்களுக்கு, உங்கள் சுட்டிகளைப் பற்றி



உங்களில் பலருடைய இதழ்களை நான் வாட்ஸ்அப் வழியாகத்தான் படிக்கிறேன். எனக்குத் தெரிந்த வாசகர்களும் அப்படியே. தளத்தின் முகப்புக்கு நேராகப் போய் இந்த வாரம் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல கட்டுரை பெரும்பாலும் வாசகர் வட்டக் குழுவிலோ, பழைய வகுப்புத் தோழர்களின் குழுவிலோ யாரோ ஒருவர் போட்ட சுட்டியாகத்தான் என் கைக்கு வந்து சேர்கிறது. முன்பு பெட்டிக்கடைக் கொடியில் தொங்கும் இதழின் அட்டையைப் பார்த்து நின்றோமே, அந்த இடத்தில் இன்று இருப்பது அந்தச் சுட்டிக்கு மேல் வரும் சிறிய முன்னோட்டப் பெட்டிதான்: ஒரு படம், ஒரு தலைப்பு, இரண்டு வரி விளக்கம், தளத்தின் பெயர். அச்சு இதழாக இருந்தால் அட்டைக்காக நாள்கணக்கில் யோசிக்கக்கூடிய நீங்கள் இந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நல்ல கட்டுரைகள் எப்படி வந்து சேர்கின்றன என்று சொல்கிறேன். சில, பெட்டியே இல்லாமல், சதவீதக் குறிகள் நிரம்பிய ஐந்தாறு வரி நீளச் சுட்டியாக வருகின்றன. சிலவற்றில் இதழின் முத்திரைப் படம் மட்டும் இருக்கும். சிறுகதையானாலும் அஞ்சலிக் கட்டுரையானாலும் அதே படம். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் இதழின் பெயரும் பிரிவின் பெயரும் வந்து, கட்டுரையின் பெயர் வெட்டுப்பட்டுப் போனதும் உண்டு. விளக்க வரியில் "புகைப்படம்: கட்டுரையாளர்" என்று மட்டும் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். இவை எல்லாவற்றையும் சரிசெய்யலாம். கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

முதலில் அந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2010-ல் ஃபேஸ்புக் நிறுவனம் ஓப்பன் கிராஃப் என்ற ஒரு சிறிய ஏற்பாட்டை வெளியிட்டது. ஒரு வலைப்பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இந்தப் பக்கத்தின் பெயர் இது, படம் இது, சுருக்கம் இது என்று சில வரிகளை எழுதிவைப்பதுதான் அந்த ஏற்பாடு. பின்னால் மற்றச் செயலிகளும் அதையே எடுத்துக்கொண்டன. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் என எதில் சுட்டியைப் போட்டாலும் அந்தச் செயலி பக்கத்தைத் திறந்து முதலில் தேடுவது இந்த வரிகளைத்தான். அவை இல்லையென்றால், பக்கத்தில் கிடைத்ததை வைத்து ஏதோ ஒன்றை ஒப்பேற்றும். அல்லது எதையும் காட்டாது.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் அந்த வரிகளைப் படிப்பது வாட்ஸ்அப் நிறுவனத்தின் கணினி அல்ல. சுட்டியை அனுப்புகிறவரின் கைபேசி. அவர் சுட்டியை ஒட்டியவுடன் அவருடைய கைபேசியே உங்கள் தளத்துக்கு வந்து, வரிகளைப் படித்து, படத்தை இறக்கி, பெட்டியை உருவாக்கிச் செய்தியோடு சேர்த்துக் குறியாக்கம் செய்து அனுப்புகிறது. பெறுகிறவரின் கைபேசி உங்கள் தளத்தின் பக்கமே வருவதில்லை. டெலிகிராம் அப்படியல்ல. அங்கே அந்த நிறுவனத்தின் கணினியே பக்கத்தைப் படித்துத் தன்னிடம் ஒரு படி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே காட்டும்.

இந்த வேறுபாட்டிலிருந்து உங்களுக்கு நேரடியாக மூன்று விளைவுகள் வருகின்றன. முதலாவது, வாட்ஸ்அப்பில் ஒருமுறை போய்விட்ட பெட்டி போனதுதான். நீங்கள் மறுநாள் படத்தை மாற்றினாலும் தலைப்பில் பிழை திருத்தினாலும், ஏற்கெனவே அனுப்பப்பட்ட செய்தியில் பழையதே இருக்கும். அதை முன்னனுப்பினால் பழைய பெட்டியே கூடப் போகும். எனவே கட்டுரையை வெளியிட்டு, குழுக்களில் போட்டுவிட்டு, அப்புறம் படம் சேர்க்கலாம் என்ற வழக்கத்தை விட வேண்டும். படமும் விளக்கமும் முதல் சுட்டி வெளியே போவதற்கு முன்பே இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பெட்டி உருவாகச் சில நொடிகள் ஆகும். சுட்டியை ஒட்டியதும் எழுதும் இடத்துக்கு மேல் முன்னோட்டம் தோன்றும்வரை காத்திருந்து பிறகு அனுப்ப வேண்டும். ஒட்டிய வேகத்திலேயே அனுப்பும் விசையைத் தட்டினால் வெறும் சுட்டி மட்டும் போகும். உங்கள் தளம் மெதுவானதாக இருந்தால் இந்தக் காத்திருப்பு நீளும். வாசகர் காத்திருக்க மாட்டார். இதழின் குழுவுக்கு முதல் செய்தி அனுப்புகிறவர் நீங்கள்தான், அதையே மற்றவர்கள் முன்னனுப்புவார்கள் என்பதால், நீங்கள் அந்தச் சில நொடிகள் பொறுத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

மூன்றாவது, இணையத்தில் பலரும் சொல்லும் ஒரு யோசனை வாட்ஸ்அப்புக்கு உதவாது. ஃபேஸ்புக்கின் பகிர்வு சோதனைப் பக்கத்தில் சுட்டியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னால் ஃபேஸ்புக் வைத்திருக்கும் படி புதுப்பிக்கப்படும். அனுப்புகிறவரின் கைபேசியில் நடக்கும் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. டெலிகிராமில் பழைய பெட்டி நின்றுவிட்டால் அதற்கென்று `@WebpageBot` என்ற கணக்கு இருக்கிறது. சுட்டியை அதற்கு அனுப்பினால் படியைப் புதுப்பித்துவிடும்.

இனி ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு பெட்டியை முழுதாகக் கட்டிப் பார்ப்போம். கொற்கையைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கரை கிழக்கே நகர்ந்துவிட்டது. கட்டுரையின் பெயர் "கொற்கை: கடல் விலகிப் போன துறைமுகம்". பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்:

```html
<meta charset="utf-8">
<meta property="og:title" content="கொற்கை: கடல் விலகிப் போன துறைமுகம்">
<meta property="og:description" content="பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஆறு எப்படிக் கடலைத் தள்ளியது?">
<meta property="og:image" content="https://example.com/img/korkai.jpg">
<meta property="og:url" content="https://example.com/korkai">
<meta property="og:site_name" content="இதழின் பெயர்">
```

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். பல தளங்களில் `og:title` வரியில் இதழின் பெயர், பிரிவு, கட்டுரையாளர், கடைசியில் கட்டுரை என்ற வரிசை இருக்கிறது. கைபேசித் திரையில் தலைப்புக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வரிகள். தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்தில் பத்துச் சொல் அடங்கும் இடத்தில் நமக்கு நான்கைந்து சொல்தான் அடங்கும். இதழின் பெயரும் பிரிவும் அந்த இடத்தைத் தின்றுவிட்டால் கொற்கை என்ற சொல்லே வாசகர் கண்ணில் படாது. இதழின் பெயருக்கு `og:site_name` என்ற தனி இடம் இருக்கிறது. பெட்டியின் அடியில் தளத்தின் முகவரியும் எப்படியும் வரும். ஆகவே தலைப்பு வரியில் கட்டுரையின் பெயர் மட்டும் இருக்கட்டும். கட்டுரையாளரின் பெயரே வாசகரை இழுக்கும் என்றால் அதை விளக்க வரியின் தொடக்கத்தில் வையுங்கள்.

விளக்க வரியை எந்திரத்திடம் விட்டுவிடுவதுதான் நான் அதிகம் வருந்தும் இடம். நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் மென்பொருள் கட்டுரையின் முதல் வரிகளை அப்படியே வெட்டி எடுத்துக்கொள்ளும். நம் இதழ்களில் முதல் வரி பெரும்பாலும் எது? படத்தின் கீழ்க்குறிப்பு, "தொடர் - பகுதி 7", கட்டுரையாளர் அறிமுகம், சென்ற இதழின் தொடர்ச்சி. நல்ல கட்டுரைகள்கூட மெல்லத்தான் தொடங்கும். அந்த மெதுவான முதல் பத்தியின் பாதி வாக்கியம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து எதையும் சொல்லாமல் நிற்கும். கட்டுரையை முழுதாகப் படித்த ஆசிரியர் ஒருவர் இரண்டு வாக்கியம் எழுதினால் போதும். முதல் வாக்கியம் தனியாகவே நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஏனென்றால் சில கைபேசிகளில் அதோடு வெட்டிவிடும். கொற்கைக் கட்டுரையில் "பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று வயல்களுக்கு நடுவே இருக்கிறது" என்பதோடு நின்றாலும் வாசகருக்கு ஒரு செய்தி கிடைத்துவிடுகிறது. அடுத்த கேள்வி தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் குறையில்லை.

கட்டுரையில் இல்லாத பரபரப்பைப் பெட்டியில் வைப்பதை நான் ஏற்கவில்லை. ஒருமுறை ஏமாந்த வாசகர் அந்தத் தளத்தின் முகவரியை நினைவில் வைத்துக்கொள்வார். இதழுக்கு இருக்கும் ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான்.

படத்துக்கு வருவோம். அகலம் 1200 படப்புள்ளி, உயரம் 630 என்பது ஃபேஸ்புக் பரிந்துரைக்கும் அளவு. மற்ற செயலிகளுக்கும் அது பொருந்தும். கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் மூன்று, நான்கு மெகாபைட் இருக்கும். வாட்ஸ்அப்புக்கு மேட்டா நிறுவனம் சொல்லும் வரம்பு 600 கிலோபைட்டுக்குள். அதைத் தாண்டினால் தலைப்பு வந்து படம் வராமல் போகலாம். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதால் காரணம் தெரியாமல் தவிப்பீர்கள். 1200-க்கு 630 என்று சுருக்கி, ஜேபெக் வடிவில் தரம் 80 என்று சேமித்தால் பெரும்பாலான புகைப்படங்கள் 200 கிலோபைட்டை ஒட்டி வந்துவிடும். நானாக இருந்தால் 300-ஐத் தாண்டவிட மாட்டேன். மெதுவான இணைப்பில் இருந்து அனுப்புகிறவரின் கைபேசியும் அதைச் சில நொடிகளில் இறக்கியாக வேண்டும். எஸ்விஜி வடிவில் இருக்கும் முத்திரைப் படங்கள் வேலை செய்யாது. படத்தின் முகவரி `https://` என்று தொடங்கி முழுமையாக இருக்க வேண்டும். தளத்துக்குள் மட்டும் புரியும் அரை முகவரி செயலிகளுக்குப் போதாது.

அளவு சரியாக இருந்தாலும் படம் எப்போதும் அகலமாகத்தான் தெரியும் என்று இல்லை. சில இடங்களில் செயலி நடுவிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி ஓரத்தில் சிறியதாகக் காட்டும். 1200-க்கு 630 படத்தில் நடுச் சதுரம் 630 அகலம்; இடப்பக்கமும் வலப்பக்கமும் 285 படப்புள்ளிகள் போய்விடும். முகமோ முக்கியமான பொருளோ அந்த நடுச் சதுரத்துக்குள் இருக்கும்படி வெட்டுங்கள். எழுத்தாளரின் முகத்தை இடது ஓரத்தில் வைத்து வலப்பக்கம் மேற்கோளை எழுதும் அமைப்பு நம் இதழ்களுக்குப் பிடித்தமானது. சதுரமாக வெட்டினால் அரை முகமும் அரை வரியும்தான் மிஞ்சும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் அவை இருப்பதில்லை என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

முதலாவது, பழைய எழுத்துரு முறைகள். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கட்டுரைகள் இன்னும் சில தளங்களில் அப்படியே இருக்கின்றன. தளம் அந்த எழுத்துருவைத் தானே இறக்கித் தருவதால் பக்கத்தில் தமிழாகத் தெரிகிறது. பெட்டிக்கு உங்கள் எழுத்துரு போகாது. உள்ளே இருக்கும் குறிகள் மட்டும் போகும். "தமிழ்" என்று நீங்கள் பார்ப்பது அங்கே `jkpo;` என்று நிற்கும். தேடுபொறிக்கும் அது அப்படித்தான் தெரியும். இதற்கு ஒரே வழி ஒருங்குறிக்கு மாற்றுவது. எல்லாக் கட்டுரையையும் மாற்ற ஆள் இல்லை என்றால் தலைப்பையும் விளக்கத்தையும் மட்டுமாவது மேலே காட்டிய `og` வரிகளில் ஒருங்குறியில் எழுதுங்கள். உள்ளடக்கம் பிறகு மாறட்டும்.

இரண்டாவது, படத்தின் மேல் தலைப்பைத் தானாக அச்சிடும் நிரல்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் கையால் படம் செய்ய நேரமில்லாத இதழ்கள் நிரல் ஒன்றை எழுதி, பின்னணிப் படத்தின் மேல் தலைப்பை எழுதிவிடுகின்றன. நல்ல யோசனைதான். ஆனால் ஆங்கில எழுத்துகள் வந்த வரிசையிலேயே நிற்பவை; தமிழில் சில குறிகள் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும் முன்னால் வரையப்பட வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் பகுதி இல்லாத நிரலில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்றுவிடும். கொற்கை என்ற ஒரே சொல் இரண்டு இடத்தில் உடையும். பைத்தானின் பில்லோ நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதில் ராக்கம் என்ற பகுதி சேர்ந்திருக்கிறதா என்று இப்படிப் பார்க்கலாம்:

```
python3 -c "from PIL import features; print(features.check('raqm'))"
```

`True` என்று வந்தால் தமிழ் சரியாக வரும். `False` என்றால் உடையும். பிஎச்பி மொழியின் ஜிடி நூலகத்திலும் வழக்கமான நிறுவலில் இதே உடைவைப் பார்க்கலாம். இவற்றோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. தலைப்பையும் பின்னணியையும் 1200-க்கு 630 அளவில் ஒரு சாதாரண வலைப்பக்கமாக அமைத்து, திரை இல்லாமல் இயங்கும் குரோம் உலாவியைக் கொண்டு அதைப் படமாக எடுத்துவிடுங்கள். உலாவிக்குத் தமிழ் தெரியும். அந்தக் கணினியில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துரு நிறுவப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வரும்.

மூன்றாவது, தமிழில் எழுதப்பட்ட முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாகவும் ஆக்கிவிடுகிறது. சுட்டியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிகிறது. ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. அதோடு வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு 200 எழுத்து வரம்பு வைத்திருக்கிறது. கொற்கைக் கட்டுரையின் தலைப்பில் 29 குறிகள் இருக்கின்றன. சொற்களுக்கு நடுவே நான்கு சிறுகோடுகள். விரித்தால் 265 எழுத்து. வரம்பு வெட்டியபின் மிஞ்சுவது "கொற்கை-கடல்-விலகிப்-போன-த" என்பதுதான். துறைமுகம் "த" என்ற எழுத்தோடு நின்றுபோகும். பெட்டி சரியாக வந்தால் வாசகர் இதைப் பொருட்படுத்த மாட்டார். ஏதோ ஒரு காரணத்தால் பெட்டி வராதபோது அவர் முன் நிற்பது அந்தச் சதவீதக் குறிகளின் சுவர் மட்டுமே. பலர் அதைத் தட்டவே அஞ்சுவார்கள். புதிய கட்டுரைகளுக்கு `korkai` என்பதுபோல் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் முகவரி கொடுங்கள். தமிழ் முகவரிமீது பற்றுள்ளவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். இந்த இடத்தில் எனக்கு வாசகரின் தயக்கம்தான் பெரிது. பழைய முகவரிகளை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பிவிடல் வைக்காமல் மாற்றினால் இத்தனை ஆண்டுகளாகக் குழுக்களில் சுற்றும் சுட்டிகள் எல்லாம் செத்துவிடும்.

வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி வராத நிலை ஒன்று உண்டு. தளத்தைத் தாக்குதலிலிருந்து காக்க வைத்திருக்கும் காவல், வந்திருப்பது மனிதரா எந்திரமா என்று சோதித்து, கைபேசி அனுப்பிய கோரிக்கையை வாசலிலேயே நிறுத்திவிடும். அப்போது பெட்டியில் கட்டுரையின் பெயருக்குப் பதிலாக `Just a moment...` என்று வரும். அது அந்தக் காவல் பக்கத்தின் தலைப்பு. இன்னொரு வகைக் காவல் படங்களை மட்டும் தடுக்கும்: வேறு தளங்கள் உங்கள் படத்தை எடுத்து ஒட்டாமல் இருக்க வைத்த பூட்டு, சில நேரங்களில் வாட்ஸ்அப்பையும் வெளியே நிறுத்திவிடும். அப்போது தலைப்பு வந்து படம் மட்டும் வராது. கோரிக்கை அனுப்புகிறவரின் சொந்த இணைய இணைப்பிலிருந்து வருவதால், இன்ன இன்ன எண்களிலிருந்து வந்தால் விடு என்று காவலுக்குப் பட்டியல் கொடுக்க முடியாது. வாட்ஸ்அப் தன்னை `WhatsApp/` என்று தொடங்கும் பெயரால் அறிமுகப்படுத்திக்கொள்ளும். அந்தப் பெயரை அனுமதிக்கும் விதி ஒன்றைத் தளம் பராமரிப்பவரிடம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெயரை யாரும் போலியாகப் போட்டுக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆகவே கட்டுரைப் பக்கங்களையும் படங்களையும் படிக்க மட்டும் அந்த அனுமதி போதும். உள்நுழைவுப் பக்கத்துக்கு வேண்டாம்.

பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் உலாவிக்குள் நிரல் ஓடித்தான் காட்டும் நவீனத் தளங்களிலும் பெட்டி காலியாக வரும். செயலிகள் அந்த நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. முதலில் கைக்கு வரும் பக்கத்தை மட்டும் படிக்கின்றன. அதிலும் வாட்ஸ்அப் முதல் 300 கிலோபைட்டுக்குள் தேடும். தலைப்பகுதியில் வடிவமைப்புக் குறிப்புகளை மலைபோல் கொட்டிவிட்டு இந்த வரிகளை அதற்குக் கீழே தள்ளியிருந்தால் அவை கண்ணில் படாமலே போகலாம். `og` வரிகளைத் தலைப்பகுதியின் மேலேயே வையுங்கள்.

காரணம் எது என்று கண்டுபிடிக்கக் கணினியில் முனையத்தைத் திறந்து, வாட்ஸ்அப்பின் பெயரில் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கலாம்:

```
curl -sL -A "WhatsApp/2.24" https://example.com/korkai | grep "og:"
curl -sI -A "WhatsApp/2.24" https://example.com/img/korkai.jpg
```

முதல் கட்டளைக்கு நான் மேலே எழுதிய `og` வரிகள் வர வேண்டும். எதுவும் வராவிட்டால் வரிகள் பக்கத்தில் இல்லை, அல்லது காவல் தடுக்கிறது. ஒரே `og:image` இரண்டு முறை, இரண்டு வேறு படங்களோடு வந்தால் உங்கள் தளத்தில் இரண்டு செருகுநிரல்கள் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்றை நிறுத்துங்கள். இரண்டாவது கட்டளைக்கு முதல் வரியில் 200 என்ற எண்ணும், கீழே `image/jpeg` என்பதும், படத்தின் பைட் அளவும் தெரிய வேண்டும். 403 என்று வந்தால் பூட்டு வேலை செய்கிறது என்று பொருள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சில காவல்கள் பெயரை மட்டும் பார்ப்பதில்லை என்பதால் இந்தச் சோதனை தேறியும் கைபேசியில் தோற்கலாம். கடைசிச் சோதனை எப்போதும் வாட்ஸ்அப்பிலேயே நடக்க வேண்டும். உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பும் வசதி அதில் இருக்கிறது. குழுவில் போடுவதற்கு முன் சுட்டியை அங்கே ஒட்டிப் பாருங்கள். திருத்திய பின்னும் பழைய பெட்டியே வந்தால், கைபேசி முன்பு படித்ததை நினைவில் வைத்திருக்கிறது. சுட்டியின் கடைசியில் `?v=2` என்று சேர்த்து ஒட்டினால் புதிதாகப் படிக்கும். படத்தை மாற்றும்போது கோப்பின் பெயரையும் மாற்றிவிடுவது இன்னும் உறுதி.

முனையம் என்றதும் தயங்குகிறவர்களுக்கு: உங்களில் பெரும்பாலோர் வேர்ட்பிரஸிலோ பிளாகரிலோதான் இருக்கிறீர்கள், இந்த வரிகளைக் கையால் எழுத வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் தானாக இவற்றை எழுதாது; யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற ஒரு செருகுநிரல் வேண்டும். அதை நிறுவியபின் கட்டுரையின் சிறப்புப் படமே பெட்டியின் படமாகும். விளக்கத்துக்குத் தனிக் கட்டம் கிடைக்கும். பிளாகரில் வழக்கமான வார்ப்புருக்கள் இவ்வரிகளை எழுதிவிடும். முதல் படத்தை எடுத்துக்கொள்ளும். விளக்கம் வர வேண்டும் என்றால் அமைப்புகளில் தேடல் விளக்கத்தை இயக்கிவிட்டு ஒவ்வொரு பதிவிலும் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட பழைய வார்ப்புருவாக இருந்தால் இவ்வரிகள் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் செய்தபின்னும் சிலர் அனுப்பும்போது பெட்டி வராது. தங்கள் இணைய முகவரி எண் வெளித்தளங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று வாட்ஸ்அப்பின் அந்தரங்க அமைப்பில் சுட்டி முன்னோட்டத்தை நிறுத்திவைத்திருப்பவர்கள் அவர்கள். அது அவர்களுடைய உரிமை. அவர்களுக்காகத்தான் முகவரியும் சுருக்கமாக இருக்கட்டும் என்கிறேன்.

தொலைக்காட்சிகளைப் பார்த்து நீங்களும் தலைப்பை எழுதிய செய்தி அட்டைப் படங்களை மட்டும் குழுக்களில் போடத் தொடங்கியிருக்கிறீர்கள். அழகாக இருக்கிறது என்பது சரி. ஆனால் அந்தப் படத்தைத் தட்டினால் கட்டுரை திறக்காது. முத்திரையை ஒட்டி யார் வேண்டுமானாலும் அதைப்போல ஒன்றைச் செய்துவிடலாம்; தொலைக்காட்சிகளின் பெயரில் போலி அட்டைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த அட்டைக்குச் செலவிடும் அதே உழைப்பை `og:image`-இல் வைத்தால் அதே அழகு கிடைக்கும், தட்டினால் உங்கள் பக்கமும் திறக்கும்.

பழைய கட்டுரைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து திருத்த வேண்டாம். படமே இல்லாத கட்டுரைகளுக்கு முத்திரைக்குப் பதிலாகப் பிரிவுவாரியாக ஒரு பொதுப் படம் வையுங்கள்: கவிதைக்கு ஒன்று, கதைக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று. அஞ்சலிக் கட்டுரைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுத்தாளர்களின் பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் வாசகர்கள் தேடி எடுத்துப் பகிர்வது அவற்றைத்தான். அங்கே அந்த எழுத்தாளரின் முகம்தான் இருக்க வேண்டும். அடுத்ததாகத் தளத்தின் கணக்கில் ஆண்டு முழுதும் படிக்கப்படும் கட்டுரைகள் எவை என்று பார்த்து அவற்றுக்கு விளக்க வரி எழுதுங்கள்.

புதிய இதழுக்கு, படைப்பு அனுப்பும் முறையைப் பற்றி நீங்கள் வெளியிடும் அறிவிப்பிலேயே இன்னும் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: எடுத்தவரின் அனுமதியோடு அகலவாக்கில் ஒரு படம், கட்டுரை எதைப் பற்றியது என்று முழு வாக்கியங்களில் இரண்டு வரி. எழுதியவர் தரும் இரண்டு வரியைச் செப்பனிடுவது, வெற்றுக் கட்டத்தின் முன் உட்கார்ந்து யோசிப்பதைவிட உங்களுக்கு எளிது.

அன்புடன்,
உங்கள் வாசகன்